சென்று மீண்ட பத்தி

நுழையும்முன்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவருக்குத் தமக்கு எது தெரியும் என்பது எளிதில் விளங்கும்; எது தெரியாது என்பது விளங்குவதில்லை. தெரியாத சொல் வரும் இடத்தில் மனம் வேறொரு சொல்லை வைத்து நிரப்பிவிடுகிறது. அவ்வாறு மறைந்து கிடக்கும் இடைவெளிகளைக் கண்டறிய ஒரு வழி உண்டு. தாய்மொழியில் ஒரு சிறு பத்தியை எழுதி, அதனைப் புதிய மொழிக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து மீண்டும் தாய்மொழிக்குக் கொண்டுவந்து, புறப்பட்டதையும் திரும்பியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே அவ்வழி. நாஞ்சில் நாட்டு மாணவி ஒருத்தி மலையாளம் கற்பதாகக் கொண்டு அம்முறையை இப்பாடம் விளக்குகிறது.

அண்டை மொழியின் அருமையும் இடரும்

தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து, 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அவையே கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லை மாறினாலும் மொழிகளின் உறவு மாறவில்லை. களியக்காவிளைச் சந்தையில் இன்றும் இரு மொழிகளும் ஒருங்கே ஒலிக்கின்றன. ஆகவே இம்மாவட்டத்து மாணவருக்கு மலையாளம் அயல்மொழி அன்று. காதுக்குப் பழகிய மொழி.

இப்பழக்கமே ஓர் இடராகவும் அமைகிறது. ஆங்கிலத்தில் தெரியாத சொல்லைக் கண்டால் தெரியாது என்று உடனே உணர்கிறோம். மலையாளத்திலோ, தெரிந்த சொல்லைப் போன்றே தோன்றும் சொல் வேறு பொருளுடன் நிற்கும். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' புதினத்தை நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி அதே தலைப்பில் தமிழாக்கினார். மலையாளத்தில் செம்மீன் என்பது நாம் இறால் என்று கூறும் உயிரி. மலையாளம் அறியாத தமிழர் அத்தலைப்பைச் செந்நிற மீன் என்றே பொருள்கொள்வர். தமக்குப் பிழை நேர்ந்தது என்ற ஐயமே அவர்களுக்கு எழாது. இத்தகைய இடங்களைத்தான் நாம் தேடுகிறோம்.

புறப்பட்ட பத்தி

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி பின்வரும் பத்தியை எழுதினாள் எனக் கொள்வோம்.

> (1) நேற்று மாலை தாத்தா வந்தார். (2) பழையாற்றில் வெள்ளம் வந்துவிட்டது என்று சொன்னார். (3) அக்கா அவசரமாக வயலுக்கு ஓடினாள். (4) நாற்று மூழ்கியிருந்தது. (5) அழுதுகொண்டே திரும்பி வந்தாள். (6) "நாம் மறுபடியும் நடுவோம்" என்றார் தாத்தா.

பத்தி ஆறு தொடர்களே உடையது. இம்முறைக்கு அவ்வளவு போதும். நீண்ட பத்தியை எடுத்தால் ஒப்பிடும்போது பிழைகள் ஒன்றோடொன்று கலந்து, எது எதனால் நேர்ந்தது என்று பிரித்தறிய இயலாமற்போகும். மேலும் இப்பத்தி அவள் வீட்டில் உண்மையாகவே பேசக்கூடிய செய்தியைக் கூறுகிறது. தனக்குத் தெரிந்த மலையாளச் சொற்களுக்கு ஏற்பப் பத்தியை அமைத்துக்கொண்டால், இடைவெளி எதுவும் வெளிப்படாது.

அடுத்து, அகராதியைத் திறவாமல், பிறரைக் கேளாமல் அவள் இதனை மலையாளத்தில் எழுதினாள். மலையாளத் தொடர்கள் இங்குத் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன.

> (1) இன்னலெ வைகுந்நேரம் அப்பூப்பன் வந்நு. (2) பழையாற்றில் வெள்ளம் வந்நு என்னு பறஞ்ஞு. (3) சேச்சி அவசரமாயி வயலிலேக்கு ஓடி. (4) செறிய செடிகள் முங்ஙியிருந்நு. (5) கரஞ்ஞுகொண்டு திரிச்சு வந்நு. (6) "நமுக்கு வீண்டும் நடாம்" என்னு அப்பூப்பன் பறஞ்ஞு.

எழுதும்போது தயங்கிய இடங்களில் அவள் ஒரு புள்ளி வைத்தாள். 'நாற்று' என்பதற்கு உரிய மலையாளச் சொல் நினைவுக்கு வரவில்லை. 'செறிய செடிகள்', அதாவது சிறிய செடிகள், என்று எழுதிப் புள்ளியிட்டாள். வேறு எங்கும் புள்ளி இல்லை. வேறு எங்கும் அவள் தயங்கவில்லை என்பதே இதன் பொருள். இதனை நினைவிற்கொள்க.

தானே திருப்பிய பத்தி

மலையாளத் தாளை மூன்று நாள் மூடிவைத்தபின், தமிழ்ப் பத்தியைப் பாராமல், மலையாளத்தை மட்டும் பார்த்து அவள் தமிழில் எழுதினாள். இந்த இடைவேளை தேவையானது. அன்றே திருப்பினால், கண் மலையாளத்தைப் பார்க்கும். கை நினைவில் உள்ள தமிழை எழுதும்.

> (1) நேற்று மாலை தாத்தா வந்தார். (2) பழையாற்றில் வெள்ளம் வந்தது என்று சொன்னார். (3) அக்கா அவசரமாக வயலுக்கு ஓடினாள். (4) சிறிய செடிகள் மூழ்கியிருந்தன. (5) அழுதுகொண்டு திரும்பி வந்தாள். (6) "நாம் மீண்டும் நடலாம்" என்று தாத்தா சொன்னார்.

புறப்பட்டதும் திரும்பியதும் பெரும்பாலும் ஒத்துள்ளன. நாற்று மட்டும் சிறிய செடிகளாயிற்று. 'வந்துவிட்டது' என்பதில் இருந்த, இனி மாற்ற இயலாது என்ற குறிப்பு நீங்கி, 'வந்தது' என்று நின்றது. 'நடுவோம்' என்ற உறுதி 'நடலாம்' என்று தளர்ந்தது. இவ்வளவே என்று அவள் மகிழ்ந்து தாளை மடித்து வைத்திருந்தால், மிகப் பெரிய பிழைகள் இரண்டும் அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தோழி திருப்பிய பத்தி

மலையாளத்தை வீட்டுமொழியாகக் கொண்டு மலையாள வழியில் பயின்ற தோழி ஒருத்தியிடம் அதே மலையாளத் தாளை அவள் கொடுத்தாள். தோழி மூலப்பத்தியைக் கண்டதில்லை. "எழுத்து மலையாளத்தில் இதற்கு என்ன பொருளோ அதை மட்டும் தமிழில் எழுது, விளங்காத இடத்தில் வினாக்குறி இடு" என்பதே அவளுக்கு இடப்பட்ட நெறி.

> (1) நேற்று மாலை தாத்தா வந்தார். (2) பழையாற்றில் தண்ணீர் வந்தது என்று சொன்னார். (3) அக்கா வாய்ப்பாக (?) வயலுக்கு ஓடினாள். (4) சிறு செடிகள் மூழ்கியிருந்தன. (5) அழுதுகொண்டு திரும்பி வந்தது யார்? தாத்தாவா, அக்காவா? (6) "நாம் மீண்டும் நடுவோம்" என்று தாத்தா சொன்னார்.

இங்கே கதையே மாறிவிட்டது. கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பூ விளையும் நாஞ்சில் நாட்டில், ஆற்றில் தண்ணீர் வந்தது என்பது நற்செய்தி. தாத்தா கொண்டுவந்த துயரச் செய்தி, மலையாளம் சென்று மீண்டபோது மகிழ்ச்சிச் செய்தியாயிற்று. அந்த மகிழ்ச்சியில் ஓடிய அக்கா ஏன் அழவேண்டும் என்பதும் விளங்கவில்லை. அழுதவர் யார் என்பதும் தெளிவில்லை. இனி ஒவ்வோர் இடைவெளியும் எவ்வாறு தோன்றியது எனக் காண்போம்.

முதல் வகை: கற்பவரின் இடைவெளி

மலையாளத்தில் 'வெள்ளம்' என்பது பொதுவாகத் தண்ணீரைக் குறிக்கும். குடிக்கும் நீரும் வெள்ளமே. ஆறு பெருகுவது 'வெள்ளப்பொக்கம்'. மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் தமிழ்ப் பேச்சிலும் குடிநீரை வெள்ளம் என்று கூறுவதுண்டு. ஆகவே மாணவிக்கு இச்சொல்லின் மலையாளப் பொருள் தெரியாமல் இருக்கவில்லை. எழுதும் வேளையில் தமிழ் எழுத்துவழக்குப் பொருள் முந்திக்கொண்டது.

'அவசரம்' வேறு வகையானது. இது வடசொல். மலையாளத்தில் வாய்ப்பு, தருணம் என்னும் பொருளில் வழங்குகிறது. தமிழில் விரைவு என்னும் பொருளில் நிலைபெற்றுள்ளது. விரைவைக் குறிக்க மலையாளத்தில் 'திடுக்கம்' என்பர். இச்சொல்லை மாணவி அறியவே இல்லை. ஆயினும் அவள் அந்த இடத்தில் புள்ளி வைக்கவில்லை.

'நாற்று' என்பதற்கு மலையாளத்தில் 'ஞாறு' என்று பெயர். ஒலியைக் கேட்டாலே உறவு புலப்படும். அதனை அறியாமையால் 'சிறிய செடிகள்' என்று சுற்றிச்சொன்னாள். இவ்வாறு சுற்றிச்சொல்வது பேச்சில் உதவும் உத்திதான். எனினும், நட்டு வளர்க்கவேண்டிய பயிர் அழிந்தது என்ற செய்தி அதில் இல்லை. அதனால் ஆறாம் தொடரில் 'நடுவோம்' என்பது எதனை நடுவது எனத் தெரியாமல் நிற்கிறது. ஓரிடத்துச் சொல்லிழப்பு மற்றோரிடத்தைத் தாக்குவதை இங்குக் காணலாம்.

இரண்டாம் வகை: மொழிகளுக்கு இடையிலான இடைவெளி

ஐந்தாம் தொடரில் மாணவி பயன்படுத்திய சொற்கள் அனைத்தும் சரியானவை. ஆயினும் பொருள் சிதைந்தது. தமிழ் வினைமுற்று தன்னுள் எழுவாயை அடக்கிக்கொள்கிறது. வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்பவற்றில் திணை, பால், எண், இடம் ஆகியவற்றை விகுதியே காட்டுகிறது. எனவே எழுவாய் தோன்றாவிடினும் தொடர் விளங்கும். இன்றைய மலையாளத்தில் இவை அனைத்திற்கும் 'வந்நு' என்னும் ஒரே வடிவம். ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அது வந்நு என எழுவாய்தான் வேறுபடும். எழுவாயை விட்டுவிட்டால் வந்தவரை வினை காட்டிக்கொடுக்காது.

ஆகவே இவ்விடைவெளியை நிரப்பப் புதுச்சொல் வேண்டியதில்லை. 'சேச்சி' என்னும் எழுவாயை ஐந்தாம் தொடரில் மீண்டும் எழுதவேண்டும். தமிழில் தேவையற்றதாகத் தோன்றும் சொல் மலையாளத்தில் இன்றியமையாததாகிறது.

முதல் தொடரையும் இந்நோக்கில் காண்க. 'வந்தார்' என்பதிலுள்ள மதிப்பு 'வந்நு' என்பதில் இல்லை. ஆயினும் தோழியின் தமிழில் 'வந்தார்' என்றே வந்துள்ளது. அதனை அவள் மலையாளத் தாளிலிருந்து எடுக்கவில்லை; தாத்தாவைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்ற தன் அறிவிலிருந்து எடுத்தாள். திரும்பிய பத்தி ஒத்திருந்தாலும், இடையில் ஒன்று இழக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு இது சான்று. மலையாளத்தார் மதிப்பின்றிப் பேசுகின்றனர் என்று இதற்குப் பொருளன்று. மதிப்பை அவர்கள் வினைவிகுதியில் வைப்பதில்லை. 'அத்தேஹம்' போன்ற பெயர்களிலும் உறவுப்பெயர்களிலும் வைக்கின்றனர்.

இழப்பு நேராத இடத்தையும் குறித்தல் வேண்டும். தாத்தா கூறிய 'நாம்' கேட்பவரையும் உள்ளடக்கியது. 'நாங்கள்' என்றிருந்தால் அக்கா விலக்கப்பட்டிருப்பாள். மலையாளத்திலும் நம்மள், ஞங்ஙள் என்று இவ்வேறுபாடு உண்டு. ஆகையால் அது சிதையாமல் திரும்பியது. இப்பத்தியை ஆங்கிலத்திற்கு அனுப்பியிருந்தால் இரண்டிற்கும் ஒரே சொல்லே கிடைத்திருக்கும். எந்த மொழி வழியே செல்கிறதோ அதற்கேற்பவே இடைவெளியும் அமைகிறது.

மூன்றாம் வகை: திரும்பும் வழியில் நேர்வது

ஆறாம் தொடரை மாணவி 'நடலாம்' என்று திருப்பினாள். தோழி 'நடுவோம்' என்று திருப்பினாள். மலையாளத் தொடரில் பிழையில்லை. மலையாள 'ஆம்' ஈறு தமிழின் 'லாம்' போலத் தோன்றினும், பல இடங்களில் உறுதியையும் ஒப்புதலையும் காட்டும். 'ஞான் வராம்' என்று ஒருவர் கூறினால், வருகிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். தமிழ்க் காதோ அதனை 'வரலாம், வராமலும் இருக்கலாம்' என்று கேட்கிறது. எழுதும்போது சரியாக எழுதிய மாணவி, படிக்கும்போது தவறாகப் படித்தாள். அவள் திருத்தவேண்டியது தன் எழுத்தை அன்று, தன் வாசிப்பை.

ஏன் ஒருவரே இருமுறையும் செய்தல் போதாது?

வெள்ளம், அவசரம் ஆகிய இரு பிழைகளும் மாணவியின் சொந்தத் திருப்பத்தில் வெளிப்படவில்லை. காரணம் எளிது. 'அவசரம்' என்றால் விரைவு என்று நம்பி அவள் எழுதினாள். மூன்று நாள் கழித்து அதே நம்பிக்கையுடன் அதனைப் படித்தாள். போகும்போது நேர்ந்த பிழையை வரும்போது நேர்ந்த அதே பிழை மறைத்துவிட்டது. முப்பது நாள் காத்திருந்தாலும் இது வெளிப்படாது. தானே திருப்புவது, சுற்றிச்சொன்ன இடங்களையும் விட்டுவிட்ட இடங்களையும் காட்டும். தவறாக நம்பிய இடங்களைக் காட்ட மற்றொருவர் வேண்டும். இருமொழிகளும் நெருங்கியிருக்குந்தோறும் இத்தேவை மிகும்.

தோழியிடம் கேட்கும் முறையும் முக்கியம். "இது சரியா?" என்று கேட்டால், பொருள் ஒருவாறு விளங்கியதும் "சரி" என்று அன்பினால் கூறிவிடுவர். "நீ இதை எவ்வாறு சொல்வாய்?" என்று கேட்டால்தான் 'திடுக்கம்', 'ஞாறு' போன்ற சொற்கள் வெளிவரும்.

> தெரிந்து தெளிவோம்
> எலிசபெத் அரசிக்கு இளமையில் ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஷாம், 'தி ஸ்கூல்மாஸ்டர்' என்னும் நூலில் இரட்டை மொழிபெயர்ப்பைப் பரிந்துரைத்தார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1570இல் வெளிவந்தது. மாணவர் சிசரோவின் இலத்தீன் பகுதியை ஆங்கிலத்தில் எழுதுவர். ஒரு மணி நேரமேனும் கழித்து, தம் ஆங்கிலத்திலிருந்து மீண்டும் இலத்தீனில் எழுதுவர். ஆசிரியர் அதனைச் சிசரோவின் மூலத்துடன் ஒப்பிடுவார். அங்குப் பயணம் புதிய மொழியில் தொடங்கி அதிலேயே முடிகிறது. ஆகவே திருத்துவதற்குச் சிசரோவின் நடையே அளவுகோலாகிறது. நம் முறையில் பயணம் தாய்மொழியில் தொடங்குகிறது. இது இடைவெளி எங்குள்ளது என்று காட்டும். அதனை எதனால் நிரப்புவது என்று காட்டாது.

திருந்திய பத்தி

மூன்று வகை இடைவெளிகளையும் பிரித்தறிந்தபின் மாணவி எழுதிய மலையாளப் பத்தி இது:

> (1) இன்னலெ வைகுந்நேரம் அப்பூப்பன் வந்நு. (2) பழையாற்றில் வெள்ளப்பொக்கம் உண்டாயி என்னு பறஞ்ஞு. (3) சேச்சி திடுக்கத்தில் வயலிலேக்கு ஓடி. (4) ஞாறு முங்ஙியிருந்நு. (5) சேச்சி கரஞ்ஞுகொண்டு திரிச்சு வந்நு. (6) "நமுக்கு வீண்டும் நடாம்" என்னு அப்பூப்பன் பறஞ்ஞு.

மாறியவை நான்கே இடங்கள்: வெள்ளப்பொக்கம் உண்டாயிற்று, திடுக்கம் விரைவாயிற்று, ஞாறு பெயர்பெற்றது, சேச்சி மீண்டும் வந்தாள். இத்தாளை மூலப்பத்தியைக் காணாத வேறொருவரிடம் கொடுத்தால், தாத்தா துயரச் செய்தியுடன் வருவார். அக்கா விரைந்து ஓடுவாள். அழுது திரும்புபவளும் அவளே. 'வந்துவிட்டது', 'அழுதுகொண்டே' ஆகியவற்றில் துணைவினையும் ஏகாரமும் தந்த நுண்குறிப்புகள் இன்னும் திரும்பவில்லை. அவை அடுத்த சுற்றுக்கு உரியவை. ஒரு சுற்றில் எல்லாவற்றையும் நிரப்ப முயன்றால், எதுவும் மனத்தில் தங்காது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் நேற்று நிகழ்ந்த ஒன்றை ஆறு தொடர்களில் எழுதுக. நீங்கள் கற்கும் ஒரு மொழிக்கு அதனைப் பெயர்த்து, தயங்கிய இடங்களில் புள்ளியிடுக. மூன்று நாள் கழித்து நீங்களும், மூலத்தைக் காணாத ஒருவரும் தனித்தனியே தமிழில் திருப்புக.
2. மூன்று பத்திகளையும் அருகருகே வைத்து, வேறுபாடுகளைக் கற்பவரின் இடைவெளி, மொழிகளுக்கு இடையிலான இடைவெளி, திரும்பும் வழியில் நேர்ந்தது என வகைப்படுத்துக.
3. புள்ளியிடாத இடங்களில் எத்தனை பிழைகள் வெளிப்பட்டன எனக் கணக்கிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'ஞான் வராம்' என்னும் மலையாளத் தொடர் உணர்த்துவது
அ) ஐயம் ஆ) ஒப்புதல் இ) மறுப்பு ஈ) வினா

குறுவினாக்கள்

1. மலையாளத்தில் 'வெள்ளம்', 'வெள்ளப்பொக்கம்' ஆகியவை எவற்றைக் குறிக்கின்றன?
2. மலையாளத் தாளை மூன்று நாள் மூடிவைப்பதன் காரணம் யாது?

சிறுவினாக்கள்

1. ஐந்தாம் தொடரில் சொற்கள் சரியாக இருந்தும் பொருள் சிதைந்தமைக்குக் காரணம் காட்டுக.
2. "இது சரியா?" என்பதைவிட "நீ இதை எவ்வாறு சொல்வாய்?" என்பது சிறந்த வினா ஆவது எவ்வாறு?

நெடுவினா

1. 'போகும்போது நேர்ந்த பிழையை வரும்போது நேர்ந்த அதே பிழை மறைத்துவிட்டது' – இக்கூற்றைப் பாடத்தில் உள்ள சான்றுகளுடனும் உங்கள் பயிற்சியில் கண்ட சான்றுகளுடனும் விளக்குக.